‘நல்லா இருக்குதுங்க’ என்று சொன்ன பிறகு என்ன கேட்பது?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களுக்கு இப்போது முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும் வேலை வருகிறது. சொட்டுநீர்க் கடை, மாட்டுத்தீவனக் கடை, மோட்டார் கடை என்று எல்லோருக்கும் ‘வாடிக்கையாளர் பேசுகிற’ வீடியோ வேண்டும். எடுத்துக் கொடுக்கிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, ட்ரோன் ஷாட்டும் உண்டு. ஆனால் பேசுகிறவர் எல்லா வீடியோவிலும் ஒரே ஆளோ என்று தோன்றும். “நல்லா இருக்குதுங்க. ரொம்ப உபயோகமா இருக்குது. எல்லா விவசாயிங்களும் வாங்கலாம்.” தீவனத்துக்கும் இதேதான், மோட்டாருக்கும் இதேதான். ஒலியை மட்டும் கேட்டால் என்ன பொருளைப் பற்றிப் பேசுகிறார் என்றே கண்டுபிடிக்க முடியாது.

இதில் பேசியவர் மேல் குற்றம் இல்லை. “இந்தப் பொருள் எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டால் அவரிடம் தீர்ப்பைத்தான் கேட்கிறோம். தீர்ப்பு என்றால் ஒரு வரிதான் வரும். அதுவும் கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது மரியாதைக்காகவாவது நல்ல தீர்ப்பாகத்தான் வரும். “உங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சா?” என்பது அதைவிட மோசம். பதிலையும் நாமே சொல்லிவிட்டோம், அவருக்கு மிச்சம் இருப்பது “ஆமாங்க” மட்டும்.

கதை வேண்டுமென்றால் ஒரு நாளைக் கேட்க வேண்டும், அல்லது ஒரு ராத்திரியை. கீழே ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு, கேள்வியை எப்படி மாற்றினால் என்ன பதில் வரும் என்று பார்ப்போம். பொருள், செல்போன் ஸ்டார்ட்டர். கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்கும் பெட்டி. உள்ளே ஒரு சிம் இருக்கும். மும்முனைக் கரண்ட் வந்ததும் விவசாயியின் போனுக்கு அழைப்பு வரும். போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ ஒரு பேஸ் போனாலோ தானாக நிறுத்திக்கொள்ளும். வாடிக்கையாளர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி. ராகியும் தக்காளியும் போடுகிறவர், காட்டோரத்தில் நிலம்.

முதல் கேள்வி இப்படி: “ராத்திரியில மோட்டார் போடறதுக்கு கடைசியா நீங்க நடந்து போனது எப்போங்க?”

இதற்கு உடனே பதில் வராது. மேலே பார்ப்பார், விரல் விட்டு எண்ணுவார். அந்த யோசனைதான் நமக்கு நல்ல அறிகுறி. மனப்பாடமாக வைத்திருக்கிற வாக்கியத்தைத் தேடாமல், நடந்ததைத் தேடுகிறார். தேதி கேட்டால் சிக்கிக்கொள்வார். “போன வருஷம் எந்த மாசம்?” என்பது ஆபீஸ்காரர் கேள்வி. இங்கே காலம் பயிராலும் பண்டிகையாலும் நினைவில் இருக்கிறது. “ராகி அறுப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?”, “ஆடிப்பெருக்கு ஆயிடுச்சா அப்போ?”, “தக்காளி எத்தனாவது பறிப்பு?” என்று ஒரு கொம்பைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார்.

“அது... கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்குங்க. ராகி முத்தி நின்னுச்சு.”

இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டு “சரி, அப்போ ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். கஷ்டம், சந்தோஷம், பயம் எதையும் நாம் சொல்லக் கூடாது. கடிகாரத்தையும் கையையும் காலையும் பற்றிக் கேட்டால் போதும்.

“அன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?”

“கரண்டு ஒண்ணரைக்கு வரும். நான் ஒண்ணேகாலுக்கே எழுந்து உக்காந்துக்குவேன். தூங்கிட்டா போச்சே.”

“கெளம்பும்போது கையில என்ன எடுத்துக்கிட்டீங்க?”

“டார்ச்சு. ஒரு தடி. அப்புறம் ரெண்டு பட்டாசு.”

“பட்டாசு எதுக்குங்க?”

“யானைக்குத்தான். ராகி முத்துற நேரம் காட்டுலேர்ந்து எறங்கிடும்ல.”

யானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “யானை பயம் உண்டா?” என்று நேராகக் கேட்டிருந்தால் “உண்டுங்க, இந்தப் பக்கம் எல்லாருக்கும் உண்டு” என்று ஊருக்குப் பொதுவான பதில் கிடைத்திருக்கும். கையில் என்ன இருந்தது என்று கேட்டதால் பட்டாசு வந்தது, பட்டாசின் பின்னாலேயே யானையும் வந்தது. ‘கையில் என்ன இருந்தது’ என்பது எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற கேள்வி போலத் தெரியும், ஆனால் பொருளுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். தீவனக் கடைக்கு என்றால் “அன்னிக்குப் பால் சொசைட்டியில கேன் எறக்கினப்போ அளவுச் சீட்டுல என்ன போட்டிருந்தாங்க?” என்று கேட்கலாம். அவர் தொட்டது, தூக்கியது, படித்தது எதுவானாலும் சரி. கருத்து மட்டும் வேண்டாம்.

அடுத்து வருவது எப்போதும் உதவும் கேள்வி. “அப்போ வீட்ல யாரு முழிச்சிருந்தாங்க?”

“வீட்டுக்காரிதான். வாசல்லயே நிப்பா. என் டார்ச்சு வெளிச்சம் கெணத்து மேட்டுல தெரியிற வரைக்கும் உள்ள போகமாட்டா.”

இந்த ஒரு வரி வந்துவிட்டால் வீடியோவின் முதல் பாதி முடிந்தது. அந்த அம்மாவிடமும் பேச வேண்டும் என்பதும் இங்கேதான் தெரியவருகிறது. வாங்கியவரைவிட, வாங்குவதற்கு முன்னால் அவஸ்தைப்பட்டவர் இன்னொருவராக இருப்பது அடிக்கடி நடக்கும். கடைக்காரர் கொடுக்கும் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

‘பின்’ பகுதிக்கு வந்ததும் திரும்ப ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. “இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டால் “இப்போ பிரச்சனையே இல்லீங்க” என்று மறுபடியும் தீர்ப்புக்குப் போய்விடுவார். முன்பாதிக்குக் கேட்ட அதே கேள்விகளை நேற்று ராத்திரிக்குக் கேளுங்கள். “நேத்து ராத்திரி கரண்டு வந்தப்போ என்ன பண்ணீங்க?”

“போன் அடிச்சது. அமுக்கினேன். திரும்பிப் படுத்துட்டேன்.”

“எழுந்து உக்காந்தீங்களா?”

“எங்கீங்க, ஒரு கண்ணைத்தான் தொறந்தேன்.”

ஒண்ணேகாலுக்கு எழுந்து உட்கார்ந்ததும், ஒரு கண்ணைத் திறந்ததும் எடிட்டிங்கில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால் நடுவே எந்த விளக்கமும் வேண்டியதில்லை. ‘நேரம் மிச்சமாகிறது’ என்று எழுத்து ஓடவிட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே கேள்வியை இரண்டு காலத்துக்கும் கேட்பதன் லாபம் இதுதான், பதில்கள் ஜோடியாக வந்து சேரும். அதனால் முன்பாதியில் என்னென்ன கேட்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொள்வது நல்லது: மணி, கை, வாசல்.

‘நேத்து’ என்று கேட்பதில் இன்னொரு சோதனையும் அடங்கியிருக்கிறது. பொருளை உண்மையில் பயன்படுத்துகிறவருக்கு நேற்றைய ராத்திரி நினைவில் இருக்கும். “நேத்து... நேத்துப் போடலீங்க, பெட்டி கொஞ்ச நாளா ஓடலை” என்று பதில் வந்தால் அன்று கேமராவை மூடிவிட்டு, கடைக்காரரிடம் முதலில் பெட்டியைச் சரிசெய்யச் சொல்வதுதான் முறை.

இதுவரை வந்தது நல்ல கதை. ஆனால் இதைப் பார்க்கப்போகிற இன்னொரு விவசாயி இதோடு நம்பிவிட மாட்டார். அவர் மனதில் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும்: “மோட்டாரைப் போன்ல போட்டுட்ட, சரி. மடை மாத்த யார் போறது?” வாய்க்கால் பாசனத்தில் மோட்டார் ஓடினால் போதாது, ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்த பாத்திக்குத் திருப்ப ஆள் வேண்டும். செல்போன் ஸ்டார்ட்டர் அதைச் செய்யாது. இதைக் கேட்காமல் எடுத்த வீடியோவைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், அல்லது கீழே கமெண்டில் எழுதிவிட்டுப் போவார்கள். ஆகவே நாமே கேட்க வேண்டும்.

“அண்ணா, மோட்டார் ஓடுது. மடை யாரு மாத்துறது?”

“நான் ராத்திரியில வயலுக்கு விடறதில்லீங்க. தொட்டிக்கு ஏத்திடுவேன். விடிஞ்சதும் தொட்டியிலேர்ந்து டிரிப்புக்கு விட்டுக்குவேன்.”

இப்போது பொருளின் எல்லை துல்லியமாகத் தெரிந்துவிட்டது. தொட்டி வைத்திருப்பவருக்கும் சொட்டுநீர் போட்டவருக்கும் இது முழுதாக உதவும், வாய்க்காலில் நேராக விடுகிறவருக்குப் பாதிதான் உதவும். கடைக்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் தொட்டி உள்ள விவசாயிக்கு இந்த ஒரு பதில்தான் ‘நமக்கு இது ஆகும்’ என்று சொல்கிறது. தொட்டி இல்லாதவர் வாங்கிவிட்டு வந்து கடையில் சண்டை போடுவதும் இதனால் குறையும். படப்பிடிப்புக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பொருளை வாங்காத இரண்டு விவசாயிகளிடம் “ஏன் வாங்கலை?” என்று டீக்கடையிலேயே கேட்டுவிட்டுப் போனால் இப்படிப்பட்ட கேள்விகள் தானாகக் கையில் சேரும். நம் மூளையைக் கசக்கி யோசித்தால் வராது.

இதே கோட்டில்தான் சந்தேகத்தைக் கேட்பதும். “வாங்கலாம்னு சொன்னப்போ வீட்ல யாரு வேணாம்னாங்க?” என்று கேளுங்கள். “உங்களுக்குத் தயக்கம் இருந்ததா?” என்று கேட்டால் ‘எனக்கா, இல்லவே இல்லை’ என்று கௌரவம் குறுக்கே வரும். அடுத்தவர் மேல் போட்டால் தாராளமாகச் சொல்வார்.

“பெரியவன்தாங்க. நம்ம நிலத்துல டவரே கெடைக்காது, பேசவே மேட்டுக்கு ஏறணும், இந்தப் பெட்டிக்கு மட்டும் எங்கேர்ந்து கெடைக்கும்னான்.”

“அப்புறம் எப்படி ஒத்துக்கிட்டார்?”

“மெக்கானிக் வந்து ஆன்டெனாவ இரும்புப் பெட்டிக்கு வெளிய எடுத்து மேல தூக்கிக் கட்டினாருங்க. அப்புறம் கெடைச்சுது. பையன்தான் மொத போன் போட்டான்.”

இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்கு சிக்னல் குறையும் என்பதைக் கடைக்காரர் பத்து நிமிடம் விளக்கினாலும் பார்க்கிறவர் காதில் ஏறாது. பையனுடைய சந்தேகமாக வரும்போது ஏறிவிடுகிறது. ‘அப்புறம் எப்படி ஒத்துக்கிட்டார்’ என்ற இரண்டாவது கேள்வியை மறந்துவிடக் கூடாது. சந்தேகத்தோடு நிறுத்தினால் வீடியோ எதிர்விளம்பரம் ஆகிவிடும்.

பொருள் கைவிட்ட நாளையும் கேட்க வேண்டும். “இதுல குறை ஏதாவது?” என்றால் “குறையே இல்லீங்க” என்பார். “எந்த நாளாவது இந்தப் பெட்டி உங்களை ஏமாத்தியிருக்கா?” என்றால் கொஞ்சம் சிரித்துக்கொண்டு ஆரம்பிப்பார். “சிம்முக்கு ரீசார்ஜ் பண்ண மறந்துட்டேங்க. ரெண்டு நாள் பழையபடி நடந்தேன்.” இந்த வரியை வெட்டச் சொல்லிக் கடைக்காரர் கேட்பது நிச்சயம். வைத்திருப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி. இந்தப் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் ரீசார்ஜ் தொல்லை தெரியும். அது வராத வீடியோவை அவர்கள் நம்ப மாட்டார்கள். கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை என்றால், சிம் முடியும் தேதியை ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக் கொடுக்கச் சொல்லி, அதையும் ஒரு ஷாட் எடுத்துப் பின்னால் வைத்துவிடலாம்.

காசு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. “மாசம் எவ்வளவு மிச்சமாகுது?” என்று கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஒரு ரவுண்டுக் கணக்கைச் சொல்வார், அடுத்த முறை கேட்டால் வேறு தொகை வரும். இந்தப் பொருளில் இன்னொரு வலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், ஆகவே ‘கரண்ட் பில் குறைஞ்சுது’ என்று யாராவது சொன்னால் பார்க்கிறவர் அங்கேயே வீடியோவை மூடிவிடுவார். கேட்க வேண்டியது அவர் ஒருமுறை எண்ணிக் கொடுத்த பணத்தை. “மோட்டார் கடைசியா எப்போ கருகிச்சு? காயில் கட்ட எங்க கொண்டு போனீங்க? எத்தனை நாள் தண்ணி இல்லாம இருந்துச்சு?” இந்த மூன்றுக்கும் பதில் தெரியும். பில் இருந்தால் கேமராவில் காட்டச் சொல்லலாம். பெட்டி வைத்ததற்குப் பிறகு மோட்டார் கருகவில்லை என்று அவர் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். ‘பெட்டியாலதான் கருகலை’ என்று அவர் வாயில் வார்த்தையைப் போடக் கூடாது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கிணற்றில் தண்ணீர் நின்றதும் காரணமாக இருக்கலாம். தண்ணீர் வற்றும்போது பெட்டி நிறுத்திய ஒரு நாளை அவர் நேரில் பார்த்திருந்தால் அந்த நாளைக் கேட்டு வாங்குவதுதான் சரி.

இவ்வளவும் சரியாகக் கேட்டாலும் ஒரு காரியம் முன்கூட்டியே கெட்டுப்போயிருக்கலாம். கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் காலேஜ் படிக்கும் பிள்ளை உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடும். படப்பிடிப்பு அன்று “இந்த நவீனத் தொழில்நுட்பம் விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வரப்பிரசாதமாகும்” என்று அவர் ஒப்பிக்க ஆரம்பிப்பார். மனப்பாடத்தைக் கலைப்பது மிகக் கஷ்டம். முதல் நாள் போனில் பத்து நிமிடம் பேசினால் போதும். அதிலும் கதையை முழுதாகக் கேட்டுவிடக் கூடாது. போனில் ரசித்துச் சொன்ன கதையைக் கேமரா முன்னால் திரும்பக் கேட்டால் “அதான் நேத்தே சொன்னேனே” என்று சுருக்கிவிடுவார். வாசலில் நின்ற மனைவி அந்தச் சுருக்கத்தில் காணாமல் போய்விடுவார். போனில் தெரிந்துகொள்ள வேண்டியது: எப்போது வாங்கினார், இப்போதும் ஓடுகிறதா, கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், தொட்டி உண்டா, வீட்டில் யார் யார் இருப்பார்கள். நல்ல கதை எட்டிப் பார்த்தால் “அதை நாளைக்கு நேர்ல சொல்லுங்கண்ணா” என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நம் குரல் வீடியோவில் வராது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. “எத்தனை மணிக்கு எழுந்தீங்க?” என்பதற்கு “ஒண்ணேகால்” என்று மட்டும் சொன்னால் எடிட்டிங்கில் அதற்கு அர்த்தமே இருக்காது. “என் கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்க” என்று பாடம் நடத்தினால் ஆள் விறைத்துப்போவார். அதைவிட எளிய வழி உண்டு. சின்னக் கேள்விகளால் விவரத்தையெல்லாம் முதலில் வெளியே எடுத்துவிட்டு, கடைசியில், “எனக்கு இந்த ஊர் தெரியாதுன்னு வெச்சுக்குங்க, அந்த ராத்திரியை எழுந்ததுலேர்ந்து ஒருவாட்டி சொல்லுங்க” என்று கேட்பது. இப்போது விவரமெல்லாம் அவர் நுனிநாக்கில் இருக்கும், முழு வாக்கியமாகக் கோர்த்துச் சொல்வார். சின்னக் கேள்விகளின் பதில் எதையும் அழிக்க வேண்டாம், சில சமயம் முதலில் சொன்னதுதான் உயிரோடு இருக்கும்.

பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மூன்று நான்கு விநாடி சும்மா இருங்கள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. மௌனம் சங்கடமாக இருப்பதால் அவரே ஏதாவது சேர்ப்பார். ‘தூங்கிட்டா போச்சே’ மாதிரி வரிகள் அங்கேதான் விழும். “ம்ம்”, “ஆமா ஆமா” என்று நாம் சத்தம் போட்டுத் தலையாட்டினால் மைக்கில் அவர் பேச்சின் மேல் ஏறிவிடும், தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

கடைக்காரரை அங்கே நிற்கவிடக் கூடாது. இது கண்டிப்பு. அவர் இருந்தால் பேசுகிறவர் கண் அவர் பக்கம்தான் போகும், ஒவ்வொரு பதிலும் “நம்ம அண்ணன் கடையிலதான்...” என்று ஆரம்பிக்கும். தேங்காய் வெட்டவோ, பக்கத்துத் தோட்டம் பார்க்கவோ நாசூக்காக அனுப்பிவிடுங்கள். பேசுகிறவரை நாற்காலி போட்டு வீட்டுச் சுவரோரம் உட்கார வைப்பதைவிட, கிணற்று மேட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், பழைய டார்ச்சைக் கையில் கொடுத்து நிற்க வையுங்கள். பொருள் கையில் இருந்தால் கை தானாகக் கதை சொல்லும். “எந்த வழியா நடப்பீங்க?” என்றால் டார்ச்சாலேயே வரப்பைக் காட்டுவார். மோட்டார் ஓடக் கூடாது, சட்டையில் குத்தும் மைக்குக்குக் காற்று உறை போட்டிருக்க வேண்டும். மற்றபடி கருவிகளைப் பற்றி இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் சாமானே போதும்.

மொழி இந்தப் பக்கத்தில் தனி விஷயம். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். தமிழில் கேட்டால் தமிழில் சுத்தமாகப் பதில் சொல்வார்கள், ஆனால் சந்தையில் பேசுகிற கணக்குத் தமிழாக இருக்கும். மனைவி வாசலில் நின்றதை அவர்கள் வீட்டு மொழியில்தான் நினைத்து வைத்திருப்பார்கள். “உங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே சொல்லுங்க” என்று விட்டுவிட்டு, கீழே தமிழில் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கேட்கிற ஆளுக்கு அந்த மொழி புரியாவிட்டால் தொடர் கேள்வி கேட்க முடியாது, ஆகவே புரிகிற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் கடைப்பையன் உதவுவான்.

பேச்சு சரளமானால் வரக் கூடாததும் வரும். அனுமதி வாங்கிய குதிரைத்திறன் ஒன்று, ஓடுகிற மோட்டார் வேறு என்பார். யானைப் பேச்சு நீண்டால் யாரோ போட்ட மின்வேலிக்குப் போகும். அவருக்கு வம்பு வரக்கூடிய எதையும் நாமே வெட்டிவிட வேண்டும். அவர் கவனிக்கவில்லை என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது. முடிந்த வீடியோவை வெளியிடுவதற்கு முன்னால் அவர் போனுக்கு அனுப்பி, வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு சம்மதம் வாங்குங்கள்.

சட்டமும் இதில் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் ஒருவர் பொருளை ஆதரித்துப் பேசினால் அது அவருடைய உண்மையான, நடப்புக் கருத்தாக இருக்க வேண்டும். பொருளைப் பற்றிப் போதுமான தகவலோ அனுபவமோ அவருக்கு இருக்க வேண்டும். பேசுகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையே, பார்க்கிறவர் எதிர்பார்க்காத கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் இந்தப் பெட்டியை இலவசமாகக் கொடுத்திருந்தாலோ, பேசியவர் அவருக்கு மச்சான் முறை என்றாலோ திரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அதனால் “பெட்டிக்கு நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?” என்ற கேள்வியைக் கேமராவுக்கு வெளியிலாவது கேட்டே ஆக வேண்டும்.

நாற்பது நிமிடம் எடுத்ததை ஒன்றரை நிமிடமாக்கும்போது, பேசியதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு பேனாவால் கோடு போடுங்கள். மணி, இடம், ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு தொகை, இவற்றில் ஒன்றாவது உள்ள வரிகளுக்கு மட்டும் கோடு. ‘சூப்பர்’, ‘அருமை’, ‘உபயோகமா’ எதற்கும் கோடு இல்லை. கோடு போட்டவற்றை மட்டும் வரிசையாகப் படித்தால் பொருளின் பெயர் சொல்லாமலே அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கேள்வி சரியில்லை, இன்னொரு நாள் போக வேண்டியதுதான். எடிட்டிங்கால் அதைச் சரிக்கட்ட முடியாது.

கேமராவை அணைப்பதற்கு முன்னால், “இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டே, “நாங்க கேட்காம விட்டது ஏதாவது?” என்று கேளுங்கள். வேலை முடிந்தது என்று உடம்பு தளர்ந்திருக்கும் நேரம் அது. பிறகு அந்த அம்மாவிடம் போங்கள். அவரிடம் பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவருக்கு அதில் அக்கறையும் இருக்காது. “இப்போ ராத்திரி கரண்டு எப்ப வருதுன்னு உங்களுக்குத் தெரியுங்களாக்கா?”

“எனக்கெங்கீங்க தெரியும். காலையில தொட்டியைப் பாத்தாத்தான் தெரியும்.”

வீடியோவை இங்கே முடிக்கலாம். கடையின் பெயரும் போன் நம்பரும் இதற்குப் பிறகு வந்தால் போதும்.